சீன மொழியில் லெ என்ற இடைச்சொல் இருந்தால் இறந்தகாலமா?

“லெ போட்டால் இறந்தகாலம் என்று படித்தேன். ‘நாளை’ வரும் வாக்கியத்திலும் லெ எப்படி வருகிறது?”

வினைக்குப் பின் வரும் லெ, செயல் முடிவதைத்தான் சொல்கிறது. ‘மிங்தியன் வோ ச்சி லெ ஃபன் ஜியு ச்சியூ’ என்றால் நாளை சாப்பிட்டுவிட்டுப் போவேன். நம் ‘விட்டு’ செய்யும் வேலை அது. காலத்தை மிங்தியன், அதாவது ‘நாளை’, பார்த்துக்கொள்கிறது. ‘சுவோதியன் மெய் ச்சியூ’, நேற்று போகவில்லை. நேற்றைய விஷயம்தான், ஆனாலும் லெ கிடையாது.

அப்புறம் குவோ, பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘தா ச்சியூ லெ பெய்ஜிங்’ என்றால் அவர் பெய்ஜிங் போய்விட்டார், பெரும்பாலும் இன்னும் அங்கேதான் இருக்கிறார். லெ இடத்தில் குவோ வைத்தால், எப்போதோ போன அனுபவம் உண்டு, இப்போது அங்கே இல்லை.

ஜெ நீடிக்கும் நிலைக்கு. ‘மன் காய் ஜெ’, கதவு திறந்திருக்கிறது. நேற்று திறந்திருந்தது என்பதற்கும் அதே ஜெதான்.