மாதவிலக்குக்கு முன்பே திட்டுத் திட்டாக ரத்தம்: 16-ஆம் நாளில் மாத்திரை தொடங்கலாமா?

"வயது 31. குழந்தைக்காக 14 மாதமாகக் காத்திருக்கிறோம். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு சரியாக வருகிறது. ஆனால் 26-ஆம் நாளிலேயே பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாகப் பட ஆரம்பித்துவிடும். ஸ்ட்ரிப்பில் எல்.ஹெச். 17-ஆம் நாள்தான் பாசிட்டிவ் காட்டுகிறது. லூட்டியல் ஃபேஸ் எனக்கு ஏழே நாள்தானா? 21-ஆம் நாள் எடுத்த புரொஜெஸ்டிரான் 2.8. 16-ஆம் நாளிலிருந்து புரொஜெஸ்டிரான் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடலாமா?"

16-ஆம் நாளில் தொடங்க வேண்டாம். கீழே உள்ள கணக்கை, மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்டி, நாளை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கருமுட்டை வெளியேறும் முன் சட்டென்று உயரும் ஹார்மோன்தான் எல்.ஹெச். அதைச் சிறுநீரில் கண்டறியும் ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டி ஒன்று, ஒன்றரை நாளுக்குள் பெரும்பாலும் கருமுட்டை வெளியேறிவிடும். உங்களுக்கு அது 18-ஆம் நாள் வாக்கில் நடக்கிறது. மறுநாளிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை உள்ள காலம்தான் லூட்டியல் ஃபேஸ். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். லேசாகக் கறை பட்ட நாளை மாதவிலக்கின் முதல் நாளாக எடுக்கக் கூடாது. நாப்கின் தேவைப்படும் அளவுக்குப் போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அப்படிப் பார்த்தால் 19 முதல் 28 வரை, உங்களுக்குப் பத்து நாள். வழக்கமாக 12 முதல் 14 நாள் இருக்கும். பத்தும் அதற்குக் கீழும் குறைவு என்பார்கள். ஆக, நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். பயந்ததுபோல் ஏழு நாள் இல்லை.

2.8 என்ற அளவைக் கண்டும் கலங்காதீர்கள். கருமுட்டை வெளியேறிய பிறகு அந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள்தான் புரொஜெஸ்டிரானைச் சுரக்கிறது. அது மெல்ல ஏறி, சுமார் ஏழாவது நாளில் உச்சத்தைத் தொடும். 21-ஆம் நாள் சோதனை என்பது 14-ஆம் நாளில் முட்டை வெளியேறுபவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு அது மூன்றாவது நாள்தான், அளவு ஏறிக்கொண்டிருக்கும் நேரம். 25-ஆம் நாள் எடுங்கள். 3-க்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் அந்த ஒரு எண்ணை வைத்து "ஹார்மோன் போதவில்லை" என்று சொல்லிவிட முடியாது. இந்த ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பதால், ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள்ளேயே பல மடங்கு மாறும்.

சரி, பத்து நாள் போதாமல்தான் கரு தங்கவில்லையா? கரு பெரும்பாலும் எட்டிலிருந்து பத்தாவது நாளுக்குள் கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அது அனுப்பும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன்தான் மஞ்சள் திரளை வாடாமல் காக்கிறது. அதற்குள் திரள் வாடிவிட்டால் கரு நிலைக்காது என்பது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் குழந்தையின்மைக்கு இது மட்டுமே காரணம் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. சுலபமாகக் கருத்தரிக்கும் பெண்களுக்கும் சில மாதங்கள் இப்படிக் குறுகிவிடுவது உண்டு. அதனால் மூன்று மாதம் குறித்து வைத்துப் பாருங்கள்.

நான் இன்னும் கவனமாகப் பார்ப்பது அந்த மூன்று நாள் கறையைத்தான். ஒரு நாள் பட்டால் பெரிதாக எடுக்க மாட்டேன். மாதாமாதம் இரண்டு, மூன்று நாள் பட்டால், புரொஜெஸ்டிரான் சீக்கிரம் இறங்குவதாக இருக்கலாம், கருப்பைக்குள் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருக்கலாம், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது கருத்தரிப்பையே பாதிக்கும், மாத்திரையால் கறை நின்றாலும் அது உள்ளேயே இருக்கும். மாதவிலக்கில் கடும் வலியோ, உறவின்போது ஆழத்தில் வலியோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பலர் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் கருப்பை வாயையும் பார்க்க வேண்டும்.

ஆகவே, உள்வழி ஸ்கேன், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவும் புரோலாக்டின் மிகுதியும் லூட்டியல் ஃபேஸைக் குறுக்கும், மருந்துக்கும் கேட்கும். எடை சட்டென்று இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும். 14 மாதம் ஆகிவிட்டதால் கணவருக்கு விந்துப் பரிசோதனையும் உங்களுக்குக் கருக்குழாய் அடைப்புப் பரிசோதனையும் இனித் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் மாத்திரை. முட்டை வெளியேறும் முன் புரொஜெஸ்டிரான் எடுத்தால், அது வெளியேறுவதையே தடுத்துவிடக்கூடும். 16-ஆம் நாள் உங்களுக்கு ஸ்ட்ரிப்பே பாசிட்டிவ் ஆகியிருக்காது! பலன் உறுதியில்லை என்று தெரிந்தே, முயன்று பார்க்கலாம் என மருத்துவர் நினைத்தால், பாசிட்டிவ் வந்து மூன்று நாள் கழித்து, உங்கள் கணக்கில் 20-ஆம் நாள், தொடங்கலாம். இந்த மருந்தே மாதவிலக்கைத் தள்ளிப்போடும் என்பதால், நாள் தள்ளியதை வைத்துக் கர்ப்பம் என்று எண்ண வேண்டாம். 32 அல்லது 33-ஆம் நாள் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். பாசிட்டிவ் என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள், சில நாளில் மாதவிலக்கு வந்துவிடும்.