மட்டுக்குள் மட்டு: வெளியிலிருந்து உள்ளே போவது எப்படி?

கேள்வி: ||x − 2| − 5| ≤ 3 என்ற கணக்கில் எனக்கு 4 முதல் 10 வரை என்று ஒரே இடைவெளிதான் வருகிறது. விடைப் பக்கத்தில் இரண்டு இடைவெளி போட்டிருக்கிறார்கள். அதே கணக்கில் 3-க்குப் பதில் 7 போட்டால் மட்டும் ஒரே இடைவெளி என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? எந்த மட்டுக்குறியை முதலில் எடுக்க வேண்டும்? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

பதில்: வெளிக் குறியை முதலில் எடுங்கள். அதை எடுக்கும்போது உள்ளே இருக்கும் |x − 2| என்பதைத் தொடவே வேண்டாம். அதற்கு t என்று பெயர் வைத்துவிட்டால் கை தானாக அடங்கும். இப்போது கணக்கு |t − 5| ≤ 3. இது உங்களுக்குப் பழக்கமான சாதாரண அசமன்பாடுதான்:

−3 ≤ t − 5 ≤ 3
2 ≤ t ≤ 8

இதுவரை நீங்களும் சரியாகவே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். t-க்குப் பதில் |x − 2| என்று திருப்பி எழுதினால் 2 ≤ |x − 2| ≤ 8. நீங்கள் தவறியது அநேகமாக இதற்கு அடுத்த வரியில். மட்டுக்குறியை அப்படியே விட்டுவிட்டு 2 ≤ x − 2 ≤ 8 என்று எழுதினால், எல்லாப் பக்கமும் 2 கூட்டியதும் 4 ≤ x ≤ 10 வந்துவிடும். உங்களுக்கு வந்த விடை அதுதான். அந்த வரி x − 2 மிகை எண்ணாக இருக்கும் நிலையை மட்டும் பார்க்கிறது. x − 2 குறை எண்ணாக இருக்கும் நிலை முழுவதுமாக விட்டுப்போகிறது.

ஒரே வரியில் இரண்டு அசமன்பாடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இங்கே ஆபத்து. அவற்றைப் பிரித்துத் தனித்தனியே தீருங்கள். வலது பக்கம் |x − 2| ≤ 8. இதற்கு −8 ≤ x − 2 ≤ 8, அதாவது −6 ≤ x ≤ 10. இடது பக்கம் |x − 2| ≥ 2. இது வேறு வகை: x − 2 ≥ 2 அல்லது x − 2 ≤ −2. எனவே x ≥ 4 அல்லது x ≤ 0. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதால் வெட்டு எடுக்கிறோம். எண்கோட்டில் −6 முதல் 10 வரை ஒரு கோடு போட்டு, நடுவில் 0-க்கும் 4-க்கும் இடைப்பட்ட துண்டை அழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது [−6, 0] ∪ [4, 10].

இதைத் தொலைவாகவும் படிக்கலாம். |x − 2| என்பது எண்கோட்டில் x-க்கும் 2-க்கும் உள்ள தொலைவு. அந்தத் தொலைவு 2-க்குக் குறையக் கூடாது, 8-ஐத் தாண்டவும் கூடாது. 2-இன் வலப்பக்கம் இப்படி ஒரு துண்டு இருந்தால், இடப்பக்கமும் அதே நீளத்தில் ஒன்று இருந்தே தீரும். அதனால் விடை எப்போதும் 2-ஐ நடுவாக வைத்துச் சமச்சீராக இருக்க வேண்டும். −6, 10 இரண்டுக்கும் நடுவே 2. 0, 4 இரண்டுக்கும் நடுவே 2. [4, 10] மட்டும் விடையாக வந்தபோதே, இடப்பக்கத் துணை எங்கே என்று கேட்டிருக்கலாம். உள்ளே |x − a| மட்டும் இருந்து, வெளியே வேறு x இல்லாத எந்தக் கணக்குக்கும் இந்தச் சோதனை செல்லும்.

சரி, 3-ஐ 7 ஆக்கினால்? வெளிக் குறி போனதும் −7 ≤ t − 5 ≤ 7, அதாவது −2 ≤ |x − 2| ≤ 12. இடது பக்கத்தைப் பாருங்கள்: ஒரு மட்டு மதிப்பு −2-ஐ விடக் குறையக் கூடாது என்கிறது. மட்டு மதிப்பு 0-க்குக் கீழே போகவே போகாது. ஆகவே அது எல்லா x-க்கும் உண்மை, எந்தத் துண்டையும் அழிக்காது. வலது பக்கம் மட்டும் வேலை செய்கிறது: [−10, 14]. குறை எண்ணைப் பார்த்ததும் ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. |x − 2| ≤ −2 என்று வந்திருந்தால்தான் தீர்வு இல்லை. |x − 2| ≥ −2 அதற்கு நேர் எதிர். எண்ணின் குறியோடு, அசமன்பாடு எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

3-க்கும் 7-க்கும் நடுவில் எங்கே இந்த மாற்றம் நடக்கிறது? 5-இல். வலப்பக்க எண்ணை 4 ஆக்கினால் அழியும் துண்டு 1-க்கும் 3-க்கும் இடையே சுருங்கிவிடும். 5 ஆக்கினால் 0 ≤ |x − 2| ≤ 10 ஆகி, துண்டே மறைந்து [−8, 12] என்ற ஒரே இடைவெளி வரும். ஆனால் கேள்வியில் ≤ இல்லாமல் < இருந்தால் 0 < |x − 2| < 10. அப்போது x = 2 மட்டும் வெளியே போகிறது, ஏனென்றால் அங்கே |0 − 5| = 5, அது 5-ஐ விடச் சிறியது இல்லை. விடை (−8, 2) ∪ (2, 12). தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது. கீழ் எல்லை சரியாக 0 என்று வந்தால் சமக்குறி இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

குறி திரும்பியிருந்தாலும், அதாவது ||x − 2| − 5| > 3 என்றாலும், முறை இதேதான். ஆனால் வெளிக் குறியை எடுக்கும்போதே கணக்கு ‘அல்லது’ என்று இரண்டாகப் பிரியும்: |x − 2| > 8 அல்லது |x − 2| < 2. முதலாவது x < −6 அல்லது x > 10 என்று தரும். இரண்டாவது 0 < x < 4 என்று தரும். இங்கே வெட்டு எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்: (−∞, −6) ∪ (0, 4) ∪ (10, ∞). முன் கணக்கில் அழித்த நடுத்துண்டு இங்கே விடைக்குள் வருவதைப் பாருங்கள்.

உள்ளிருந்து தொடங்கினால் தவறு என்று சொல்ல மாட்டேன். x ≥ 2 என்றால் உள்ளே x − 2, கணக்கு |x − 7| > 3 ஆகிறது. x < 2 என்றால் 2 − x, கணக்கு |x + 3| > 3 ஆகிறது. ஆனால் ஒவ்வொரு விடையையும் அதன் நிபந்தனையோடு வெட்ட வேண்டும். அதை மறந்தால் முதல் பாதியிலேயே x < 4 முழுவதும் உள்ளே வந்துவிடும். x = −3 போட்டுப் பாருங்கள்: |−5| = 5, 5 − 5 = 0. அது 3-ஐ விடப் பெரியது இல்லை. வெளியிலிருந்து போனால் இந்த நிபந்தனைகளைச் சுமக்கவே தேவையில்லை. நான் அதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

விடை எழுதியதும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு எண், துண்டுகளுக்கு இடையிலிருந்து ஒரு எண், வெளியே இரு பக்கமும் ஒவ்வொரு எண் எடுத்து மூலக் கணக்கில் போட்டுவிடுங்கள். உங்கள் கணக்கில் −3 போட்டால் 0, 7 போட்டால் 0, இரண்டும் 3-க்குள். 2 போட்டால் 5. −7 போட்டால் 4, 11 போட்டாலும் 4. இந்த மூன்றும் 3-ஐத் தாண்டிவிட்டன.