வட்டியில்லாத் தவணையில் டிவி வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் டிவி பார்த்தேன். மொத்தமாகக் கட்டினால் 33,000 ரூபாய். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் 36,000. மாதம் 3,000 வீதம் 12 தவணை. அதில் மூன்றை முதலிலேயே கட்ட வேண்டும். செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டி உட்பட 900 தனி. கையில் முழுப் பணமும் இருக்கிறது. எது நல்லது? — வாசகி, ஊத்தங்கரை.

பதில்: முழுப் பணத்தையும் கட்டி வாங்குங்கள். தவணையில் போனால் முதல் நாளிலேயே 9,900 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. ரொக்க விலையில் மீதி 23,100. உண்மையில் நீங்கள் வாங்கும் கடன் அவ்வளவுதான். அதற்காக ஒன்பது மாதங்களில் 27,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். கூடுதலாகப் போகும் 3,900 ரூபாயை, மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாக்கியின் மீது கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 39 சதவீத வட்டியாகிறது.

இந்த 3,900-இல் 3,000 ரூபாய், நீங்கள் இழக்கும் ரொக்கத் தள்ளுபடி. அது கடன் ஆவணம் எதிலும் வட்டியாகத் தெரியாது என்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆகவே தவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ரொக்க விலையைக் கடைக்காரரிடம் கொட்டேஷனாக எழுதி வாங்கிவிடுங்கள்.

ஏதோ காரணத்தால் தவணைதான் வேண்டுமென்றால், கையெழுத்திடுமுன் ‘கேஎஃப்எஸ்’ எனப்படும் முக்கிய விவரங்கள் அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு இதைத் தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதால் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டிச் சதவீதம் அதில் இருக்கும். அதில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னால் வசூலிக்க முடியாது.

கடையில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஊழியர் செல்போனில் ஓடிபி கேட்கும்போது, அது எதற்கான ஓடிபி என்று குறுஞ்செய்தியை முழுதாகப் படித்த பிறகே சொல்லுங்கள். என்னிடம் வரும் வழக்குகளில் காப்பீடும் கூடுதல் வாரண்டியும் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கடனோடு சேர்ந்துவிடுகின்றன. கட்சிக்காரருக்கு அது முதல் தவணை பிடிக்கப்பட்ட பிறகே தெரிய வருகிறது.

அப்படி நேர்ந்தால், அந்தத் தொகையைத் திருப்பித் தருமாறு நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தின் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கொட்டேஷன், பில், கேஎஃப்எஸ், ஓடிபி வந்த குறுஞ்செய்தி ஆகிய நான்கையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.