ராடருக்குத் தப்பும் விமானத்தைக் கண்காட்சி மேசையில் காட்டுவது எப்படி?

கேள்வி: "பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஸ்டெல்த் விமான மாதிரி ஒன்றை ரெஜிபோமில் செய்து கறுப்பு நிறம் அடித்திருக்கிறோம். தட்டையான பரப்புத்தானே அலையை நன்றாகத் தெறிக்க விடும், பிறகெப்படி அந்த விமானம் ராடரில் தெரியாமல் போகும் என்று சேர் கேட்கிறார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. இதைப் பரிசோதனையாகச் செய்து காட்ட வழி இருக்கிறதா?" - தரம் 13 மாணவர், களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது பிழையன்று. தட்டையான உலோகப் பரப்பு ராடர் அலையை மிக வலுவாகத் தெறிக்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒரேயொரு திசைக்கு மட்டுமே தெறிக்கிறது. அந்தத் திசையில் ராடர் நிற்காதபடி பரப்பைச் சாய்த்து வைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி. காற்றில்லாத மாலையில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்திருந்தால், சூரியன் தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் கண் கூசுமளவுக்கு மின்னுவதையும், சற்றுத் தள்ளியுள்ள நீர்ப்பரப்பு, அதே வெயில் பட்டும், மங்கலாகவே கிடப்பதையும் கண்டிருப்பீர்கள்.

இதை எண்ணில் சொல்ல உதவும் அளவுதான் ராடர் குறுக்குவெட்டு. ஒரு பொருள் ராடரை நோக்கித் திருப்பி அனுப்பும் வலுவை, அதே வலுவைத் திருப்பி அனுப்பக்கூடிய உலோகக் கோளம் ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பாக மாற்றிச் சொல்வது அது. ஆகவே அது பொருளின் உண்மையான பருமன் அன்று. நேருக்கு நேர் நிற்கும் தட்டையான உலோகத் தகட்டுக்கு அதன் சூத்திரம் பின்வருமாறு:

σ = 4πA²/λ²

இதில் σ ராடர் குறுக்குவெட்டு, A தகட்டின் பரப்பு, λ ராடர் அலையின் நீளம்.

பக்கம் 1 மீற்றர் கொண்ட சதுரத் தகட்டையும், 3 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள ராடரையும் எடுத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 14,000 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் தகடு, பெரிய குளமொன்றின் அலைகரை போல ராடருக்குத் தோன்றுகிறது. இப்போது அதே தகட்டை, ஒரு பக்கத்தை அச்சாகக் கொண்டு 30 பாகை சாய்த்தால், ராடர் திசையில் எஞ்சும் சிறு பக்கக் கதிர்களின் உச்சம்கூட ஏறத்தாழ 1 சதுர மீற்றர்தான். எந்தப் பூச்சும் இல்லாமல், வெறும் சாய்வினால், பதினாலாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஆனால் கண்டறியும் தூரம் பதினாலாயிரத்தில் ஒன்றாகக் குறைவதில்லை. அலை போகும்போதும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப மெலிகிறது, திரும்பும்போதும் அப்படியே மெலிகிறது. எனவே தூரம் குறுக்குவெட்டின் நான்காம் மூலத்துக்கேற்பவே மாறும். தகட்டை 200 கிலோமீற்றரில் கண்ட ராடர், சாய்ந்த தகட்டைச் சுமார் 18 கிலோமீற்றரில்தான் காணும். பூச்சு மட்டும் பூசி, விழும் வலுவில் 90 வீதத்தை உறிஞ்சச் செய்தால், அதே 200 கிலோமீற்றர் 112 ஆகத்தான் இறங்கும். 99 வீதத்தை உறிஞ்சினாலும் 63 கிலோமீற்றரில் தெரிந்துவிடும். வடிவம் முதலில், பூச்சு பிறகு என்று வடிவமைப்பாளர்கள் வேலை செய்வதற்கு இந்த நான்காம் மூலமே காரணம்.

நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் ஸ்டெல்த் விமானமான எஃப்-117இன் கறுப்பு இரவுப் பறப்புக்கானது, ராடருக்கானது அன்று. உண்மையான ராடர் பூச்சு இரும்புத் துகள்கள் கலந்த இறப்பர் அல்லது பொலிமர் படலமாகும். அலை அதற்குள் நுழையும்போது துகள்கள் அதன் சக்தியைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகின்றன. அத்துடன், படலத்தின் தடிப்பு அதனுள் உள்ள அலைநீளத்தின் காற்பங்காக இருந்தால், மேற்பரப்பில் தெறித்த அலையும், அடியிலுள்ள உலோகத்தில் தெறித்து வெளிவரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 3 சென்ரிமீற்றர் அலைக்குக் காற்றில் அந்தக் காற்பங்கு 7.5 மில்லிமீற்றர், துகள் படலத்துக்குள் அலை மெதுவாகச் செல்வதால் இதைவிட மெல்லிய படலம் போதும்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ஆடுயினோவுடன் பயன்படுத்தும் எச்.சி.-எஸ்.ஆர். 04 கழியொலி உணரி உங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கக்கூடும். அதன் மீடிறன் 40 கிலோஹேட்ஸ். நமது வெப்பநிலையில் அலைநீளம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். ஆகவே பக்கம் 30 சென்ரிமீற்றர் கொண்ட வழுவழுப்பான பலகை சுமார் 34 அலைநீளம் அகலமானது. மேலே கணக்கிட்ட தகடும் 33 அலைநீளம் அகலமானதே; ஒலியில் செய்தாலும் அளவுப் பொருத்தம் கெடாது.

பலகையை உணரியிலிருந்து 1 மீற்றரில் நேராக வையுங்கள். தூரம் நிலையாகக் காட்டும். பிறகு பாகைமானியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உணரியிலிருந்து பலகைக்கு வரையும் செங்குத்து, ஏறத்தாழ 9 பாகைக்கு மேல் பலகைக்கு வெளியே விழுகிறது. அதன் பின் விளிம்பில் சிதறும் பலவீனமான ஒலியே மிஞ்சும். எண்கள் தடுமாறத் தொடங்கி, இன்னும் திருப்பியதும் 0 அல்லது அறைக்குள் இருக்கவே முடியாத பெரிய எண் வரும். அந்த நொடியில் பலகை கண்ணுக்கு முன்னால் நிற்கும், உணரிக்கு இல்லாமல் போயிருக்கும். பிறகு பலகையை மீண்டும் நேராக்கி, தடித்த ஸ்பொஞ்சால் மூடிப் பாருங்கள். எதிரொலி மெலியலாம், ஆனால் சாய்வு செய்த அளவுக்குப் பெரும்பாலும் போகாது. ஸ்பொஞ்ச் ஒலியைத்தான் விழுங்கும், ராடரை அன்று என்பதை அட்டையில் எழுதி வையுங்கள்.

பலர் இங்கே ஒரு தவறு விடுவார்கள். பலகையை மேசை மீது நிறுத்தினால், மேசையும் பலகையும் சேர்ந்து செங்கோண மூலையாகிவிடும். மூலையில் விழும் அலை இருமுறை தெறித்து, வந்த வழியே திரும்பிவிடும். மூன்று பலகைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டிப் பார்த்தால், மூலையின் திறந்த பக்கம் உணரியை நோக்கியிருக்கும்வரை, கொஞ்சம் அங்குமிங்கும் திருப்பினாலும் உணரி விடாமல் தூரம் காட்டும். கப்பல்களின் ராடரில் தெரியவேண்டும் என்பதற்காகப் படகுகளின் பாய்மரத்தில் கட்டும் உலோகத் தெறிப்பானும் இதே மூலைதான். ஆகவே பலகையை உயரமான மெல்லிய தாங்கியில் பொருத்துங்கள். பின்னால் சுவர் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். எஃப்-117இன் வால் செதில்கள் நிமிர்ந்து நிற்காமல் V வடிவில் சாய்ந்திருப்பதும் இந்த மூலையைத் தவிர்க்கத்தான். உங்கள் மாதிரியில் நேரான வால் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

அந்த விமானம் முகம் முகமாக வெட்டிய கல்லைப் போல் இருப்பதற்குக் காரணம் அழகியலன்று. 1970களின் கணினிகளால் தட்டையான முகங்களின் தெறிப்பைத்தான் கணக்கிட முடிந்தது. விளிம்பில் அலை சிதறுவதற்கான கணிதத்தைச் சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962இல் வெளியிட்டிருந்தார். அதன் உதவியுடன் அமெரிக்கப் பொறியியலாளர்கள் தமது கணிப்பு நிரலை எழுதினார்கள். கணினி வேகம் கூடிய பின் வந்த பி-2 விமானம் 1989இல் வளைந்த பரப்புகளுடனேயே பறந்தது.

சேர் அடுத்து, "அப்படியானால் எந்த ராடருக்கும் தெரியாதா?" என்று கேட்பார். தெரியும். அலைநீளம் 2 மீற்றராக இருந்தால், வாலும் செதிலும் அலையுடன் ஒப்பிடும்படியான அளவாகிவிடுகின்றன. சாய்வின் திசைத்தேர்வு மங்கி, முழு உடலும் அலையை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. காற்றில் காற்பங்கு 50 சென்ரிமீற்றர் ஆகிவிடுவதால் மெல்லிய பூச்சினால் பயனில்லை. 1999 மார்ச் 27 அன்று சேர்பியாவில் எஃப்-117 ஒன்றை வீழ்த்திய படையணி, மீற்றர் அலைகளில் இயங்கும் பழைய பி-18 ராடரைத் தேடலுக்குப் பயன்படுத்தியது. உங்கள் உணரியிலும் இதைப் பார்க்கலாம்: 30 சென்ரிமீற்றர் பலகைக்குப் பதிலாக 1 சென்ரிமீற்றர் கீற்று ஒன்றைக் கிட்ட வைத்துத் திருப்புங்கள். அது அலைநீளத்துக்கு நிகரானது. அதனால், எதிரொலி எவ்வளவு பலவீனமாயிருந்தாலும், சாய்த்தவுடன் மறைந்துவிடாது.