பிரசவத்துக்குப் பின் தலைவலி, வலிப்பு: மூளையில் ரத்தம் கசிந்திருக்கும்போது ஹெப்பாரின் எதற்கு?

"தங்கைக்கு சிசேரியன் ஆகி 11 நாள். ஏழாம் நாளில் தலைவலி ஆரம்பித்தது. முதுகில் போட்ட மயக்க ஊசியால் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நேற்றுக் காலை வலிப்பு வந்தது, வலது கை தூக்க முடியவில்லை. சி.டி.யில் ரத்தக்கசிவு, எம்.ஆர்.ஐ.யில் 'சைனஸில் கட்டி' என்கிறார்கள். கசிவு இருக்கும்போதே ரத்தத்தை இளக்கும் ஊசி போடுகிறார்களே, சரியா? தாய்ப்பால் கொடுக்கலாமா? நான் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன், எனக்கும் வருமா?"

சரிதான். கசிவை உண்டாக்கியதே அந்த உறைகட்டி என்பதால்தான் ரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பம். ரிப்போர்ட்டில் உள்ள 'சைனஸ்' மூக்கடைப்பு, சளி சம்பந்தப்பட்டதல்ல. மூளையிலிருந்து ரத்தம் வடிந்து கழுத்துக்கு இறங்கும் பெரிய சிரைக் கால்வாய்களுக்கும் அதே பெயர். உச்சந்தலைக்கு நேர் கீழே, முன்னிருந்து பின்னாக ஓடுவது சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ். அது பின்மண்டையில் இரண்டாகப் பிரிந்து, காதுகளின் பின்புறமாக இறங்குகிறது. 'கட்டி' என்றதும் புற்றுநோயை நினைக்க வேண்டாம். கால்வாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதன் பெயர் செரிப்ரல் வீனஸ் திராம்போசிஸ்; டாக்டர்கள் சுருக்கமாக சி.வி.டி. என்பார்கள்.

வழக்கமான பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபடும். இங்கே அடைபட்டது வடிகால். வடிகால் அடைத்தால் முற்றத்தில் தண்ணீர் தேங்குவதுபோல, அடைப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறும். மூளைத் திசு வீங்கும். அழுத்தம் தாங்காத நுண்ணிய சிரைகள் விரிசல் விட்டு ரத்தம் கசியும். சி.டி.யில் தெரிந்த கசிவு இப்படி வந்ததுதான். இதற்குப் பயந்து ஹெப்பாரினை நிறுத்தினால் உறைகட்டி பக்கத்துச் சிரைகளுக்கும் நீளும், அழுத்தம் இன்னும் ஏறும், கசிவும் பெருகும். 1991-ல் ஜெர்மனியில் 20 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் யாரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் மூவர் இறந்தார்கள். ஹெப்பாரின் பெற்றவர்களில் சிலருக்கு ஏற்கெனவே கசிவு இருந்தது. கசிவு இருப்பதே ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை.

இனி அந்தத் தலைவலி. முதுகு ஊசியால் வரும் தலைவலிக்கு ஓர் அடையாளம் உண்டு. பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கும், எழுந்து உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் சில நிமிடங்களில் அடங்கும். தங்கைக்கு ஏழாம் நாளில் தொடங்கியிருக்கிறது. அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சி.வி.டி. தலைவலி பெரும்பாலும் நாளுக்கு நாள் ஏறும். படுத்தாலும் விடாது, சிலருக்குப் படுத்தால்தான் அதிகம். இருமினாலும் குனிந்தாலும் இடிக்கும், விடியற்காலையில் மோசமாக இருக்கும். ஒரு சிக்கல் என்னவென்றால், முதுகு ஊசித் தலைவலி வந்தவருக்கே பிறகு சி.வி.டி.யும் வரலாம். அதனால் கவனிக்க வேண்டியது தலைவலியின் குணம் மாறுவதை. படுத்தால் அடங்கிய வலி திடீரென்று எப்படிப் படுத்தாலும் அடங்காமல் போனால், மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வலிப்பு என்றதும் முதலில் பார்ப்பது ரத்த அழுத்தம்தான். அது உயர்ந்திருந்தால் பெரும்பாலும், கர்ப்பத்தோடு வரும் ரத்த அழுத்தத்தால் உண்டாகும் வலிப்பான எக்லாம்ப்சியா; அதற்கு மக்னீசியம் ஊசி. அழுத்தம் சாதாரணமாக இருந்து, ஒரு கையோ காலோ பலவீனமானால் சி.வி.டி. முன்னால் வந்து நிற்கும். தங்கையின் வலது கை தூக்க முடியாததற்கு, இடது மூளையின் மேற்பகுதியில் உள்ள வீக்கமும் கசிவும் காரணமாக இருக்கும். சஜிட்டல் சைனஸில் வடியும் சிரைகள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை.

சாதாரண சி.டி. 'நார்மல்' என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. பலருக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் சிரைகளைக் காட்டும் வீனோகிராம் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. வசதி இல்லாத ஊரில் சி.டி. வீனோகிராம் போதும். உடலில் உறைகட்டி இருக்கிறதா என்று அறியச் செய்யும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை பிரசவித்தவர்களிடம் இதற்கு உதவாது. எல்லோருக்கும் அது உயர்ந்தே இருக்கும்.

மருந்துக்கு வருவோம். பொதுவாக ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்சாபாரின் ஊசியை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலின் கீழ் போடுவார்கள். தங்கை 60 கிலோ என்றால் காலையில் 60, இரவில் 60 மில்லிகிராம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். நிலை சற்றுத் தேறியதும், ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்குவார்கள். அது வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்பதால் ஊசியும் மாத்திரையும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடும். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை 2-க்கும் 3-க்கும் இடையில் வந்து நிலைத்த பிறகே ஊசியை நிறுத்துவார்கள். 'மாத்திரைதான் ஆரம்பித்துவிட்டார்களே' என்று வீட்டார் இடையில் ஊசியை விட்டுவிடுவது ஆபத்தான தவறு.

வார்ஃபரின் 1, 2, 3, 5 மில்லிகிராம் என்று தனித்தனி மாத்திரைகளாக வரும். டாக்டர் 3 எழுதி, கடையில் 5 கொடுத்த குழப்பங்கள் உண்டு. அட்டையில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் படியுங்கள். கீரை வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கும்; அதற்காக அதை அடியோடு நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்கட்டும். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, பாராசிட்டமால் போதும். பிரசவ லேகியம், கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகே. அவற்றில் சில ஐ.என்.ஆரை ஏற்றும், சில இறக்கும்.

வலிப்புக்குப் பெரும்பாலும் லெவெடிராசெட்டம் கொடுப்பார்கள். அது வார்ஃபரினோடு மோதாது. பழைய மருந்துகளான ஃபெனிட்டாய்ன், கார்பமாசிபின் மோதும். வீட்டில் மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயனில்லை, வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்றபின் நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108.

தாய்ப்பால் கொடுக்கலாம். எனாக்சாபாரினும் வார்ஃபரினும் குழந்தையைப் பாதிக்கும் அளவுக்குப் பாலில் இறங்குவதில்லை. லெவெடிராசெட்டம் ஓரளவு இறங்கும். குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினாலோ, பால் குடிக்கச் சுணங்கினாலோ சொல்லுங்கள். டாபிகாட்ரான், ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் சி.வி.டி.க்கு இப்போது தரப்பட்டாலும், பால் கொடுப்பவருக்கு ஏற்றவையல்ல.

மாத்திரை எத்தனை மாதம்? பிரசவம் என்ற தெளிவான காரணம் இருப்பதால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். பிறகு வீனோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். கால்வாய் முழுதாகத் திறக்காமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், பக்கத்துச் சிரைகள் வழியாக ரத்தம் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். இடையில் கண் டாக்டரிடம் விழி நரம்பு வீக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம். பரம்பரை உறைவுக் கோளாறுக்கான புரோட்டீன் எஸ் போன்ற பரிசோதனைகளை இப்போது செய்தால் பணம்தான் வீண். கர்ப்பமும் வார்ஃபரினும் அந்த அளவைக் குறைத்துக் காட்டும். மருந்து முடிந்து சில வாரம் கழித்துச் செய்தால் அர்த்தம் உண்டு.

ஆஸ்பத்திரியில் இருக்கும் இந்த நாட்களில் தூக்கக் கலக்கம் கூடினாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீக்கம் மூளையை அழுத்துகிறது என்பதன் அறிகுறி அது. மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை அப்போது உயிரைக் காக்கும். பயமாக இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

ஏன் இவளுக்கு என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கர்ப்பத்தின் கடைசியிலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதோடு சிசேரியன், ரத்தசோகை, கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு சேரும்போது ஆபத்து ஏறுகிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று நம் வீடுகளில் தண்ணீரை அளந்து கொடுக்கும் பத்தியம் இன்னும் இருக்கிறது. பால் சுரக்கும் உடம்புக்கு அது வேண்டாத சோதனை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

பிரசவம் தவிர, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, காது எலும்பு வரை பரவிய சீழ், சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ராட்டிக் நோய், புற்றுநோயும் அதன் சில மருந்துகளும், ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய், பி12 குறைவால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆண்களுக்கும் வரும். நம் நாட்டில் குடிப்பழக்கம் உள்ள ஆண்களிடமும் இதைப் பார்க்கிறோம்.

அடுத்த கர்ப்பத்துக்குத் தடையில்லை. மறுபடி சி.வி.டி. வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். ஆனால் வார்ஃபரின் கருவின் முதல் மாதங்களில் கேடு செய்யும் என்பதால், மருந்து முடியும்வரை கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். அதற்குக் காப்பர்-டி அல்லது ஆணுறை; ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தங்கைக்கு இனி கூடாது. அடுத்த கர்ப்பத்தின்போது குறைந்த அளவு ஹெப்பாரின் ஊசியைப் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை தடுப்பாகப் போடுவார்கள்.

உங்கள் மாத்திரை விஷயம். அது ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை என்றால் சி.வி.டி. வாய்ப்பைச் சில மடங்கு கூட்டும். அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அது பெரிதல்ல. உடல் பருமன், புகை, ரத்த உறவினருக்கு உறைகட்டி வந்த வரலாறு என்று ஏதாவது சேரும்போது கணக்கு மாறும். உங்களுக்குக் கடைசியாகச் சொன்னது இப்போது இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, தங்கையின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டி, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள். கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிப்போடும் அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 'இது கருத்தடை மாத்திரை இல்லையே' என்று பலர் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான்.