தளம் போட்ட பிறகு பாத்ரூமை மாற்றினால்

கேள்வி: பெருந்துறை பக்கம் வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். மாடிக்குத் தளம் போட்டாச்சு. இப்போ மாடி பாத்ரூமைக் கிழக்கு ரூமுக்கு மாத்தலாம்னு ஆசை. ஒரு சுவரை மாத்திக் கட்ட மேஸ்திரி லட்சத்துக்கு மேல கேக்கறாருங்க. இது நியாயமா?

பதில்: சுவர் கூலியை மட்டும் பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும். கோபி பக்கம் ஒரு இளம் தம்பதிக்கும் இதே கதைதான். தளம் போட்ட மறு வாரம் பெரியப்பா வந்து வாஸ்து பார்த்தார், வடமேற்கில் இருந்த பாத்ரூம் தென்கிழக்குக்குப் போக வேண்டியதாயிற்று. "ஏனுங்க, இன்னும் செங்கல்லே வைக்கலையே, இப்ப மாத்தினா என்னங்க செலவு?" என்று அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை, ஆனால் பழைய இடத்தில் தரைக்கு அடியில் குழாய் போக, தளத்தை ஒரு அடி இறக்கி சங்கன் ஸ்லாப் போட்டாயிற்று, புது இடத்தில் தளம் சமமாக இருக்கிறது.

தளத்தை வெட்டினால் கம்பி அறுபடும் என்று இன்ஜினியர் மறுத்துவிட்டார். குழாயைத் துளை போட்டு கீழே இறக்கலாம், ஆனால் கீழே ஹால். கசிந்தால் சோபா மேல்தான். அதனால் பாத்ரூம் தரையை எட்டு இஞ்சு உயர்த்தி, குழாயை வெளிச்சுவர் வழியாக எடுத்தார்கள். இதில் வாசலில் ஒரு படி வந்துவிட்டது, மூட்டுவலிக்கார மாமியாருக்கு அது தினம் தொல்லை.

அடுத்தது பாரம். புதுச் சுவருக்கு அடியில் பீம் இல்லை. நாலரை இஞ்சு செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்குப் பூச்சோடு சேர்த்தால் ஓரடி நீளத்துக்கே 200 கிலோவைத் தாண்டும். அதனால் செங்கல் வேண்டாம், எடை குறைந்த ஏஏசி பிளாக் வைத்துக் கட்டுங்கள், தரையை நிரப்பவும் செங்கல் ஜல்லிக்குப் பதில் அதன் உடைசலையே போடுங்கள் என்றார் இன்ஜினியர்.

அவர்கள் நினைத்தே பார்க்காத செலவு வெளியே இருந்தது. செப்டிக் டேங்க் பழைய பாத்ரூமுக்கு நேர் கீழே, வடமேற்கு மூலையில். புதுக் குழாய் வீட்டைப் பாதி சுற்றி, வாட்டம் விட்டு, திருப்பத்துக்கு ஒரு சேம்பர் வைத்துத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். பில்லில் பெரிய தொகையே அதுதான்.

மொத்தம் 1,50,000 ரூபாய் என்று பில் வந்தது. அந்தப் பையன் விவரமானவன், சதுர அடி ரேட்டில் பழைய பாத்ரூமின் சுவர், டைல்ஸ், குழாய் எல்லாம் ஏற்கனவே அடக்கம்தானே, அதையெல்லாம் கழித்தீர்களா என்று கேட்டான். கழிக்கவில்லை. பள்ளத்தை நிரப்புவதுகூடப் பழைய ரேட்டிலேயே இருந்த வேலைதான், அதற்கும் புதிதாகப் பணம் போட்டிருந்தார்கள். கழித்த பிறகு 1,08,000 ஆயிற்று.

உங்கள் மேஸ்திரியிடமும் புதிதாகச் செய்வது எவ்வளவு, செய்யாமல் விடுவது எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதி வாங்குங்கள். அப்புறம் செப்டிக் டேங்க் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கிழக்கில் இருந்தால் அவர் கேட்கும் தொகை அதிகம். மேற்கில் இருந்தால் பேரம் பேச அவ்வளவாக இடமில்லை.