எஸ்எம்எல் 7 என்கிறது, சிஎம்எல் 13 என்கிறது

ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். சேமிப்பு 40,000 வெள்ளியும் ஒரே தோட்டக் கம்பெனியின் பங்கில் இருக்கிறது. ஃபைனான்ஸ் படிக்கும் மகள் கணக்குப் போட்டாள். பத்திரமான வட்டி 3%, சந்தை ஆதாயம் 8%, சந்தையின் திட்ட விலக்கம் 12%. என் பங்கின் திட்ட விலக்கம் 24%, பீட்டா 0.8 என்று எடுத்துக்கொண்டாள். எஸ்எம்எல் கோட்டின்படி பங்கு 7% தர வேண்டுமாம், சிஎம்எல் கோட்டின்படி 13% தர வேண்டுமாம். பங்கிலிருந்து எதிர்பார்ப்பது 7%தான். எந்தக் கோட்டை நம்புவது? விற்றுவிடலாமா?

உங்கள் மகளின் பெருக்கல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 13% உங்கள் பங்குக்கு உரிய எண்ணே இல்லை. தனிப் பங்கின் விலை நியாயமா என்று பார்க்க எஸ்எம்எல். உங்கள் பணம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க சிஎம்எல். பங்கு முதல் சோதனையில் தேறிவிட்டது. இரண்டாவதில் தேறாமல் போனது, அந்த ஒன்றை மட்டுமே வைத்திருக்கும் உங்கள் சேமிப்பு.

முதலில் அந்த 13% எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கேப்பிடல் மார்க்கெட் லைன் எனும் சிஎம்எல்-இல் கீழ் அச்சில் இருப்பது மொத்த ரிஸ்க், அதாவது திட்ட விலக்கம். வட்டி 3% என்ற புள்ளியில் தொடங்கி, சந்தை முழுவதையும் வாங்கியவர் நிற்கும் புள்ளி (12% ரிஸ்க், 8% ஆதாயம்) வழியாக அந்தக் கோடு போகிறது. சந்தையையும் வட்டிப் பணத்தையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து வைத்திருப்பவர் மட்டுமே அதன் மேல் நிற்க முடியும். 24% ரிஸ்கில் நிற்க என்ன செய்ய வேண்டும்? சொந்தமாக 40,000 வெள்ளி, 3% வட்டிக்குக் கடனாக இன்னொரு 40,000, ஆக 80,000 வெள்ளியைச் சந்தை முழுவதும் பரப்பிப் போட வேண்டும். ஆதாயம் 6,400, வட்டி 1,200 போக மிச்சம் 5,200. அதுதான் 13%. நம்மைப் போன்றவர்களுக்கு 3%-க்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதால், நிஜத்தில் சந்தைப் புள்ளிக்கு அப்பால் அந்தக் கோடு ஏற்றம் குறைந்துதான் போகும். எப்படியானாலும், தனி ஒரு பங்கை இந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்தால் கீழேதான் விழும். நல்ல பங்கும் விழும்.

காரணம், உங்கள் 24%-க்குள் இரண்டு வகை ரிஸ்க் கலந்திருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் தளர்ந்து சந்தை முழுவதும் இறங்கினால் உங்கள் பங்கும் இறங்கும். அது சந்தை ரிஸ்க். சந்தை 1% ஆடினால் பங்கு சராசரியாக 0.8% ஆடும் என்பதுதான் பீட்டா 0.8, ஆகவே அதன் அளவு 0.8 × 12, அதாவது 9.6%. ஆலையில் தீ, கானோடெர்மா பூஞ்சையால் மரம் அடித்தண்டு அழுகிச் சாய்வது, குலை வெட்ட ஆள் கிடைக்காதது, இவையெல்லாம் சந்தையோடு சேர்ந்து ஆடாதவை. அந்தத் தனி ரிஸ்கின் அளவு ஏறக்குறைய 22%. 9.6-உம் 22-உம் கூட்டினால் 24 வராதே என்று நினைக்கலாம். செங்கோண முக்கோணத்தைப் போல வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும்: 92 + 484 = 576, அதன் வர்க்கமூலம் 24.

செக்யூரிட்டி மார்க்கெட் லைன் எனும் எஸ்எம்எல் அந்த 22-ஐக் கண்டுகொள்வதே இல்லை. அதன் கீழ் அச்சில் பீட்டா மட்டும்தான். 3 + 0.8 × (8 − 3) = 7. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் பங்கை வாங்க வரும் மற்றவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் பற்பல துறைகளின் பங்குகள் இருக்கின்றன. உங்கள் ஆலையில் பிடித்த தீ அவர் கணக்கில் தெரியவே தெரியாது. அதனால் அந்த ரிஸ்குக்காக அவர் விலையைக் குறைத்துக் கேட்கமாட்டார். சந்தை விலை அவர் போன்றவர்கள் தருவதுதான். 1964-இல் வில்லியம் ஷார்ப் எழுதிய கட்டுரையின் உயிர்நாடி இதுதான்: பரப்பினால் கரைந்துவிடும் ரிஸ்குக்குச் சந்தை கூலி தராது.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். 40,000-இல் 32,000-ஐ எஃப்பிஎம் கேஎல்சிஐ குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டிலும், 8,000-ஐ வட்டிக்கும் போட்டால், மகளின் அதே எண்களின்படி எதிர்பார்க்கும் ஆதாயம் அதே 2,800 வெள்ளி, அதே 7%. ரிஸ்க் மட்டும் 24%-இலிருந்து 9.6%-க்கு இறங்கிவிடுகிறது. ஆறு வருடத்தில் ஒரு வருடம் ஆதாயம் எதிர்பார்த்த 7%-ஐவிட ஒரு திட்ட விலக்கத்துக்கும் மேல் கீழே போகும் என்று வைத்துக்கொண்டால், அந்த மோசமான வருடத்தில் இந்தக் கலவையில் 1,040 வெள்ளிக்கு மேல் நட்டம் வரலாம். ஒரே பங்கில் 6,800-க்கு மேல் போகலாம்.

உங்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது, அதை எந்தக் கோடும் காட்டாது. உங்கள் சம்பளமும் செம்பனையிலிருந்து வருகிறது. எண்ணெய் விலை சரிந்தால் ஓவர்டைம், போனஸ், பங்கு மூன்றும் ஒரே நேரத்தில் அடி வாங்கும். "சரி, இன்னும் நான்கு தோட்டக் கம்பெனி பங்கு வாங்கிப் பரப்பிவிடலாம்" என்று நம் ஊர்களில் பலரும் செய்கிறார்கள். ஆலைத் தீ மாதிரியான ஆபத்து அதில் குறையும். எண்ணெய் விலை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதானே, அது குறையாது. நீங்கள் வாங்குவதென்றால் வங்கி, மின்சாரம், தொலைத்தொடர்பு என்று செம்பனைக்கு வெளியே போங்கள்.

மகளின் 0.8-ஐயும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். 60 மாத ஆதாய விகிதங்கள், B-இல் பங்கு, C-இல் குறியீடு:

```
=SLOPE(B2:B61, C2:C61)
=STDEV.S(B2:B61)*SQRT(12)
```

முதல் வரி பீட்டா, எஸ்எம்எல்-க்கு. இரண்டாவது வருடத் திட்ட விலக்கம், சிஎம்எல்-க்கு. விலைகளை அப்படியே போட்டுவிடக்கூடாது. மாதா மாதம் எத்தனை சதவீதம் மாறியது என்பதைத்தான் போட வேண்டும். சின்னத் தோட்டக் கம்பெனி பங்குகள் சில நாட்கள் கைமாறவே மாறாது. தினசரி விலையை எடுத்தால் சந்தை ஆடியபோது பங்கு அசையாமல் நின்றதாகக் கணக்காகி, பீட்டா நிஜத்தைவிடக் குறைவாக வரும். மாதக் கணக்கில் 0.8, தினக் கணக்கில் 0.3 என்று வந்தால் மாதக் கணக்கை எடுங்கள்.

முழுவதையும் விற்க மனம் வராவிட்டால் பாதியை விற்றுப் பாருங்கள். 20,000 பங்கிலேயே இருக்கட்டும், 16,000 குறியீட்டு ஃபண்டில், 4,000 வட்டிக்கு. பீட்டா அதே 0.8, ஆதாயம் அதே 7%, எஸ்எம்எல்-இல் உங்கள் புள்ளி இம்மிகூட நகராது. ஆனால் தனி ரிஸ்க் 22-இலிருந்து 11 ஆகிறது, மொத்த ரிஸ்க் 24%-இலிருந்து ஏறக்குறைய 14.6%-க்கு வந்து, சிஎம்எல் படத்தில் உங்கள் புள்ளி கோட்டை நோக்கிப் பாதி தூரத்துக்கு மேல் நகர்ந்துவிடும்.